சோப்புக்கட்டியால் துவைத்த பஷ்மினா சால்வை விறைத்துவிட்டது, பழைய மென்மை வருமா?

கயல் · ஜனவரி 4, இரவு 9:12

என் மாமியாருடைய பஷ்மினா சால்வை. சாயம் ஏற்றாத இயற்கை நிறம், வேலைப்பாடு எதுவும் கிடையாது, இரண்டு முனையிலும் சின்னக் குஞ்சம். நான் ஊரில் இல்லாதபோது வீட்டில் ஒருவர் அதைத் துணி துவைக்கும் சோப்புக்கட்டி போட்டுத் துவைத்து, கொடியில் தொங்கவிட்டுவிட்டார். திரும்பி வந்து எடுத்துப் பார்த்தால் சால்வை விறைப்பாக இருக்கிறது. தொட்டால் சொரசொரப்பு, நிறமும் மங்கியிருக்கிறது. கழுத்தில் போட்டால் உறுத்துகிறது. டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தால் சரியாகுமா, இல்லை இனி அவ்வளவுதானா? மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

முத்துவேல் · ஜனவரி 4, இரவு 9:50

கம்பளி வெந்நீர் பட்டால்தான் சுருங்கும். பச்சைத் தண்ணீரில் எப்படித் துவைத்தாலும் ஒன்றும் ஆகாது. சோப்பு சரியாக அலசப்படவில்லை, அவ்வளவுதான். துணியை மென்மையாக்கும் திரவம் விற்கிறார்களே, அதில் ஒரு மூடி ஊற்றி அலசி வெயிலில் போடுங்கள்.

நித்யா · ஜனவரி 4, இரவு 10:31

நான் என் பஷ்மினாவை எப்போதும் மெஷினில்தான் போடுகிறேன், மற்ற துணிகளோடு சேர்த்து. சுருங்கவும் இல்லை, முரடாகவும் இல்லை. இதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று புரியவில்லை.

இழைப்பெட்டி · ஜனவரி 5, காலை 6:40

கயல், டிரை கிளீனிங்குக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் என்ன ஆகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பளிச் சால்வைகளுக்கு இழையோட்டிச் சரிசெய்வதுதான் என் தொழில். “துவைத்தேன், முரடாகிவிட்டது” என்று என்னிடம் வருபவை இரண்டே வகை. இழைமேல் ஏதோ படிந்திருக்கும், அல்லது இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகியிருக்கும். முதலாவதைப் போக்கலாம். இரண்டாவதைப் பிரிக்க வழியே இல்லை. கையில் தொடும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும், அதனால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள்.

இப்படிப் பாருங்கள். சால்வையை ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊடும் பாவும் தனித்தனியாகத் தெரிந்து நடுவே பொடிப்பொடியாக வெளிச்சம் வருகிறதா, இல்லை நெசவே தெரியாமல் மூடிக்கொண்டிருக்கிறதா? அடுத்து, ஓரத்திலிருந்து ஒரு நூலை ஊசிமுனையால் மெல்ல நெம்பிப் பாருங்கள். பக்கத்து நூலிலிருந்து தானாக விலகினால் நல்லது. பஞ்சு இழுபட்டுக்கொண்டே வந்தால் பின்னிக்கொண்டது என்று அர்த்தம். மூன்றாவது, அளவு. பழைய அளவு தெரியுமா? பின்னிக்கொண்ட துணி நீளம் அகலம் இரண்டிலும் குறைந்து, கனம் கூடியிருக்கும்.

முத்துவேல் ஐயா, சோப்பு மிச்சம் என்று நீங்கள் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பச்சைத் தண்ணீரில் ஒன்றும் ஆகாது என்பதை ஏற்க முடியாது. ஒவ்வொரு ரோமத்தின் மேலும் நுண்ணிய செதில்கள் ஒரே திசையில் அடுக்கியிருக்கின்றன. நனைந்த ரோமத்தைத் தேய்த்தால் அது ஒரு பக்கமாக நகரும், திரும்பி வராது. பக்கத்து ரோமத்தில் மாட்டிக்கொள்ளும். சூடு அதை வேகப்படுத்தும், சோப்பின் காரமும் வேகப்படுத்தும். ஆனால் நகர்த்துவது தேய்ப்புதான். குளிர்ந்த தண்ணீரிலும் நன்றாகக் கசக்கினால் சால்வை இறுகும்.

மென்மையாக்கும் திரவம் இப்போது வேண்டாம். இருக்கிற படிவத்தின் மேல் இன்னொரு பூச்சு ஏறும். தொட்டால் வழுக்கும், போர்த்தினால் கதகதப்பு இருக்காது.

இழைப்பெட்டி · ஜனவரி 5, காலை 6:58

விட்டுப்போனது ஒன்று. உங்கள் வீட்டுத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்குமா?

கயல் · ஜனவரி 5, மாலை 7:20

போர் தண்ணீர். நுரையே வராது. வாளி ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொள்ளும்.

வெளிச்சத்தில் பார்த்தேன். பெரும்பாலும் நெசவு தெரிகிறது. ஆனால் ஒரு முனையில், குஞ்சத்துக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் மூடிக்கொண்டு இருட்டாக இருக்கிறது. அங்கே ஏதோ கறை இருந்ததாம், சோப்பைப் போட்டுத் தேய்த்தாராம். மற்ற இடத்தில் ஊசியால் நெம்பினால் நூல் விலகுகிறது, அந்த இடத்தில் விலகவில்லை. அளவு வாங்கும்போது 100க்கு 200 சென்டிமீட்டர் என்று அட்டையில் எழுதியிருந்தது. அட்டை இன்னும் இருக்கிறது. இப்போது அகலம் 98, நீளம் ஒரு பக்கம் 201, இன்னொரு பக்கம் 204.

இழைப்பெட்டி · ஜனவரி 5, இரவு 9:05

நல்ல செய்திதான். தேய்த்த அந்த ஓர் இடம் பின்னிக்கொண்டுவிட்டது, மற்றதெல்லாம் படிவம். நீளம் கூடியது கொடியில் தொங்கியதால். நனைந்த கம்பளிக்கு வலு குறைவு, தண்ணீரின் எடையே அதை இழுத்துவிடும். அடுத்த நனைப்பில் அதைச் சரிசெய்யலாம்.

படிந்திருப்பது வெறும் சோப்பு இல்லை. கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்த, தண்ணீரில் கரையாத பொருள் அது. உங்கள் வாளி ஓரத்து வெள்ளையேதான். அதனால்தான் எத்தனை முறை அலசினாலும் போகாது. அதே தண்ணீரில் அலசினால் இன்னும் கூடத்தான் செய்யும். டிரை கிளீனிங் கரைப்பான் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும், இந்தப் படிவத்தை எடுக்கும் என்று நம்பிக் கொடுக்க மாட்டேன்.

முழுச் சால்வையையும் நனைப்பதற்கு முன்னால் ஒரு மூலையை மட்டும் சோதியுங்கள். நல்ல முனையில், கை அகலத்துக்கு. ஒரு கிண்ணத்தில் ஆர்ஓ குடிநீர் வடிகட்டியிலிருந்து வரும் மென்தண்ணீர், அதில் சில சொட்டு வெள்ளை வினிகர். மூலையை 10 நிமிடம் சும்மா ஊறவிடுங்கள். கசக்க வேண்டாம். அப்புறம் வேறு மென்தண்ணீரில் ஒரு துளி கம்பளித் திரவம் கலந்து அமிழ்த்தி எடுங்கள். இரண்டு முறை அலசித் துண்டில் ஒற்றி, கிடத்திக் காயவிடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு கன்னத்தில் வைத்துப் பாருங்கள், விரலைவிடக் கன்னம் நன்றாகச் சொல்லும்.

அருள் · ஜனவரி 5, இரவு 10:14

குறுக்கே ஒரு கேள்வி. வினிகர் அமிலம்தானே, ரோமத்தை அரிக்காதா? கம்பளியும் தலைமுடியும் ஒரே புரதம்தான் என்று படித்தேன்.

இழைப்பெட்டி · ஜனவரி 6, காலை 6:35

ஒரே வகைப் புரதம்தான், கெரட்டின். அதற்கு எதிரி காரம், நீர்த்த அமிலம் இல்லை. காரத்தில் செதில்கள் விரிந்து நிற்கும், லேசான அமிலத்தில் படிந்து அமரும். கம்பளிக்குச் சாயம் ஏற்றுவதே பெரும்பாலும் அமிலத் தொட்டியில்தான். ஆனால் சாயம் ஏற்றிய சால்வையாக இருந்தால், வினிகர் தண்ணீரில் நனைத்த வெள்ளைப் பருத்தித்துணியை ஓர் ஓரத்தில் அழுத்தி, நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கயலின் சால்வைக்கு அந்தக் கவலை இல்லை.

துணிக்கான சலவைத்தூள் பலவற்றில் கறையைச் செரிக்கப் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் சேர்க்கிறார்கள். அது சட்டையில் இருக்கும் கறையையும் தின்னும், ரோமத்தையும் தின்னும். திரவம் வாங்கும்போது “கம்பளி, பட்டுக்கு” என்று போட்டிருக்கிறதா, என்சைம் இல்லையா என்று பாருங்கள். குளோரின் பிளீச் பக்கமே போகக்கூடாது. அது கம்பளியைக் கரைத்தேவிடும்.

செந்தாழை · ஜனவரி 6, பிற்பகல் 2:20

பூந்திக்கொட்டை ஏன் யாரும் சொல்லவில்லை? காஷ்மீரில் சால்வைகளை அதில்தான் அலசுவார்களாம். தலைமுடிக்கே அதுதான் நல்லது.

இழைப்பெட்டி · ஜனவரி 6, இரவு 8:48

நல்ல பொருள்தான். இயற்கையாகவே காரமில்லாதது, கடினத் தண்ணீரிலும் அந்த வெள்ளைப் படிவத்தை உண்டாக்காது. நான் கருஞ்சிவப்பு, கருநீலச் சால்வைகளுக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் சாறு பழுப்பு நிறம். வெளிர்நிறக் கம்பளியில் மெல்லிய பழுப்பு ஏறிவிடும். கயலுடையது சாயமில்லாத நிறம், அதற்கு வேண்டாம்.

நித்யா · ஜனவரி 6, இரவு 9:30

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவே இல்லை. என்னுடையது மெஷினில் போட்டும் நன்றாகத்தானே இருக்கிறது?

இழைப்பெட்டி · ஜனவரி 6, இரவு 10:02

நித்யா, கோபித்துக்கொள்ள வேண்டாம். குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பஷ்மினா என்றால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும்.

நித்யா · ஜனவரி 7, மாலை 6:11

உருகிக் கெட்டியான கறுப்பு உருண்டை. நசுக்க முடியவில்லை.

இழைப்பெட்டி · ஜனவரி 7, இரவு 8:20

அப்படியானால் அது பெரும்பாலும் அக்ரிலிக். செயற்கை இழைக்கு அந்தச் செதில் கிடையாது, அதனால் பின்னிக்கொள்ளாது. மெஷினில் போடுங்கள், ஒன்றும் ஆகாது. சூடான இஸ்திரி மட்டும் வேண்டாம். காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் மிஞ்சியிருந்தால் விஸ்கோஸ் என்று சொல்லியிருப்பேன், அதுவும் பஷ்மினா என்ற பெயரில் நிறைய விற்கிறது. காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்படி இழை 16 மைக்ரானுக்கு மேல் தடித்திருக்கக்கூடாது, கையால் நூற்றுக் கையால் நெய்ததாக இருக்க வேண்டும். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மெல்லிய விஸ்கோஸும் நுழையும்.

நித்யா · ஜனவரி 7, இரவு 8:41

சரி. பரிசாக வந்தது, கொடுத்தவரிடம் சொல்லப் போவதில்லை. இப்போதுதான் இந்த உரையாடலை முழுதாகப் படிக்கிறேன், அம்மாவிடம் உண்மையான கம்பளி ஒன்று இருக்கிறது.

கயல் · ஜனவரி 8, மாலை 5:55

மூலை காய்ந்துவிட்டது. எவ்வளவு வித்தியாசம்! அந்தக் கை அகலம் மட்டும் தொங்குகிறது, மற்றது விறைத்து நிற்கிறது. கிண்ணத்துத் தண்ணீர் பால் கலந்தாற்போல் லேசாக வெளுத்திருந்தது. முழுவதும் செய்யலாமா? வடிகட்டித் தண்ணீர் அவ்வளவு கிடைக்காது, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் போதுமா?

இழைப்பெட்டி · ஜனவரி 8, இரவு 9:15

கொதிக்கவைத்தால் கடினத்தில் ஒரு பகுதிதான் போகும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது மட்டும். மிச்சம் தண்ணீரிலேயே இருக்கும். இரண்டு மூன்று நாள் வடிகட்டித் தண்ணீரைச் சேர்த்து வையுங்கள். 25 லிட்டர் இருந்தால் தாராளம். மழைத்தண்ணீர் சுத்தமாகப் பிடித்தது இருந்தால் இன்னும் நல்லது.

அகலமான தொட்டி எடுங்கள், குறுகிய வாளி வேண்டாம். வாளியில் சால்வை சுருண்டு கிடக்கும், அசைத்தால் தன்மேலேயே தேயும். எல்லாத் தண்ணீரும் ஒரே வெப்பத்தில், கையை விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கட்டும். 30 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

முதல் தொட்டி: 5 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். சால்வையைத் தளர்வாக மடித்து மேலே வைத்து, உள்ளங்கையால் அமிழ்த்துங்கள். 10 நிமிடம். இடையில் ஓரிரு முறை கையால் அமுக்கி விடலாம், தேய்க்கவோ சுழற்றவோ கூடாது. அமிலம் அந்தப் படிவத்தை உடைக்கும், ஆனால் உடைந்தபின் மிஞ்சுவது கொழுப்பு, அது ரோமத்திலேயே இருக்கும். அதனால் வினிகரோடு நிறுத்தினால் பிசுபிசுப்பு வரும். இரண்டாவது தொட்டியில் 5 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கம்பளித் திரவம், 5 நிமிடம். மூன்றாவதும் நான்காவதும் வெறும் மென்தண்ணீர். தண்ணீர் வழுக்கல் இல்லாமல் இருந்தால் போதும். ஐந்தாவதில் அரைத் தேக்கரண்டி வினிகர் விட்டு ஒரு முறை அமிழ்த்தி எடுங்கள்.

தொட்டியிலிருந்து எடுக்கும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் மொத்தமாக எடுங்கள். பிழிய வேண்டாம், தொட்டி ஓரத்தில் சாய்த்து அமுக்கி வடியுங்கள். பெரிய துண்டை விரித்து அதன்மேல் சால்வையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அழுத்துங்கள். துண்டு நனைந்தால் உலர்ந்த துண்டில் இன்னொரு முறை.

அப்புறம் கட்டிலில் உலர்ந்த துண்டுகளின் மேல் கிடத்தி, அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட பக்கத்தை விரல்நுனியால் தட்டித்தட்டி 200க்குக் கொண்டு வரலாம். அகலத்தை மெல்ல இழுத்து 100க்கு விடுங்கள். நூல்கள் குறுக்கே நெடுக்கே நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில் காயட்டும். வெயில் வேண்டவே வேண்டாம். சாயமில்லாத கம்பளி வெயிலில் மஞ்சளாகும், வலுவும் இழக்கும்.

முத்துவேல் · ஜனவரி 8, இரவு 9:47

இதற்கெல்லாம் ஷாம்பு போட்டால் முடிந்தது. தலைமுடிக்கு நல்லது கம்பளிக்கும் நல்லதுதானே. ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள்.

இழைப்பெட்டி · ஜனவரி 9, காலை 6:50

குழந்தைகளுக்கான சாதாரண ஷாம்பு நல்ல மாற்றுதான், கம்பளித் திரவம் கிடைக்காதவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஊறும் நேரத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மணி நேரம் ஊறுவதால் அழுக்கு கூடுதலாகப் போகாது. ரோமம் உப்பி வலுவிழந்து கிடக்கும், அந்த நிலையில் கை பட்டாலே கலையும். 10 நிமிடத்துக்குள் முடிப்பது என் பழக்கம்.

முத்துவேல் · ஜனவரி 9, காலை 8:05

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிக்குப் போடும் கண்டிஷனரை அலசிய பிறகு கொஞ்சம் விட்டால் சால்வை மிருதுவாகிறது, அதை நான் என் கையாலேயே பார்த்திருக்கிறேன். அதை மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இழைப்பெட்டி · ஜனவரி 9, இரவு 9:10

மிருதுவாவது உண்மை. அதில் பெரும்பகுதி சிலிக்கோன் பூச்சு, அடுத்தடுத்த துவைப்பில் சேர்ந்துகொண்டே போகும் என்பது என் அனுபவம். சுருங்கிய ஸ்வெட்டரை இழுத்து விடும்போது வழுக்கலுக்காக நானும் பயன்படுத்துகிறேன். நல்ல பஷ்மினாவில் போட மாட்டேன்.

அருள் · ஜனவரி 9, இரவு 9:36

சிலிக்கோன் இல்லாத கண்டிஷனரும் இருக்கிறதே, அதிலும் சேருமா?

இழைப்பெட்டி · ஜனவரி 9, இரவு 9:52

அதைச் சால்வையில் வைத்துச் சோதித்ததில்லை.

கயல் · ஜனவரி 13, மாலை 6:30

முடித்துவிட்டேன். முதல் தொட்டியில் தண்ணீர் நன்றாகவே வெளுத்தது, இரண்டாவதில் மேலே மெல்லிய பிசுக்குப் படலம் மிதந்தது. துண்டில் சுருட்டி இரண்டு முறை. ஒரு பகலும் ஒரு இரவும் ஆனது காய.

தொங்கும் விதமே மாறிவிட்டது. தோளில் போட்டால் தானாக வழிந்து இறங்குகிறது. நிறம் திரும்பி வந்திருக்கிறது. அளவு 100, 200, இரண்டு பக்கமும். அந்தத் தேய்த்த இடம் மட்டும் அப்படியே கனமாக இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், மற்ற இடத்தில் நூலுக்கு நூல் இடைவெளி, இங்கே நூலே தெரியாமல் ஒரே பஞ்சுத்தகடு. இதை ஏதாவது செய்ய முடியுமா?

இழைப்பெட்டி · ஜனவரி 13, இரவு 9:25

பிரிக்க முடியாது. துலக்கியால் வாரிப் பிரிக்கச் சொல்பவர்கள் உண்டு, அதைச் செய்தால் ரோமம் பிய்ந்து ஓட்டை விழும். மென்மையான பல்தூரிகையால் மேலே நிற்கும் பிசிறைப் படியவைக்கலாம், அவ்வளவுதான். போர்த்தும்போது அந்த முனை உள்பக்கம் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள், தோலில் படாது.

மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் கை பட்டால் அவருக்கு எப்படியும் தெரியும்.

கயல் · ஜனவரி 14, இரவு 8:12

சொல்லிவிட்டேன். வாங்கிய புதிதில் கூட இவ்வளவு மென்மையாக இல்லை, கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது என்கிறார்! என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ?

இழைப்பெட்டி · ஜனவரி 14, இரவு 9:00

தேற்றுவதற்காக இல்லாமலும் இருக்கலாம். காஷ்மீரில் தறியேற்றுவதற்கு முன் பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி ஏற்றுவார்கள், பஷ்மினா நூல் அவ்வளவு மெல்லியது, கஞ்சியில்லாமல் தறியில் தாங்காது. கஞ்சி முழுதாகப் போகாத புதுச் சால்வை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஒழுங்காகத் துவைத்தால் முதல் சில துவைப்பில் மென்மை கூடத்தான் செய்யும்.

செந்தாழை · பிப்ரவரி 2, முற்பகல் 11:15

இங்கேயே கேட்டுவிடுகிறேன். பாட்டியின் சால்வை, மெல்லிய ஊசிவேலை, ஓரத்தில் ஜரிகை. பெட்டியில் நாப்தலீன் உருண்டையோடு பிளாஸ்டிக் உறையில் பல வருடமாக இருந்தது. எடுத்து விரித்தால் மடிப்புக் கோட்டில் இழை நைந்து வெளிச்சம் தெரிகிறது. இரண்டு சின்ன ஓட்டை. ஒன்றின் பக்கத்தில் பட்டுநூல் மாதிரி ஏதோ வலை. துவைக்கலாமா?

இழைப்பெட்டி · பிப்ரவரி 2, இரவு 8:55

துவைக்க வேண்டாம் அக்கா. ஜரிகையும் ஊசிவேலையும் சேர்ந்த பழைய சால்வை வீட்டில் நனைக்கும் பொருளே இல்லை. ஊசிவேலை நூலின் சாயம் கசியும், ஜரிகை கறுக்கும், நைந்த கோடு ஈரத்தில் கிழியும். அது இந்த வேலை தெரிந்தவர் கைக்குப் போக வேண்டியது.

அந்த வலை அந்துப்பூச்சிப் புழுவுடையது. பறக்கும் அந்து தின்னாது, புழுதான் தின்னும். வியர்வையும் உணவுக்கறையும் இருக்கும் இடமாகப் பார்த்து, இருட்டில் மடிப்புக்குள் தின்னும். சால்வையைச் சுத்தமில்லாமல் உள்ளே வைக்கக்கூடாது என்பது அதற்காகத்தான். இப்போதே மற்ற கம்பளிகளிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள். தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை, காற்றை அமுக்கி வெளியேற்றி நன்றாக மூடி, உறைபனி அறையில் இரண்டு வாரம். மைனஸ் 18 டிகிரியாவது இருக்க வேண்டும், குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணப் பகுதி உதவாது. வெளியே எடுத்ததும் உறையைத் திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் சால்வைமேல் வியர்க்கும். உறைந்த நிலையில் இழை முறியும், அப்போது மடிக்கவோ அழுத்தவோ கூடாது.

மடிப்புக்கோட்டில் நைந்தது, ஒரே கோட்டில் வருடக்கணக்கில் மடிந்து கிடந்ததால். இனி மடிக்கவே வேண்டாம். தடித்த அட்டைக்குழாய் ஒன்றில் துவைத்த மெல்லிய பருத்தித்துணியைச் சுற்றி, அதன்மேல் சால்வையைத் தளர்வாகச் சுருட்டி, வெளியேயும் பருத்தியால் மூடுங்கள். ஜரிகைப் பக்கம் வெளிப்புறம் இருக்கட்டும்.

கயல் · பிப்ரவரி 2, இரவு 9:31

சாதாரணச் சால்வைக்கும் குழாய் வேண்டுமா? என்னிடம் அலமாரியில் இடமில்லை.

இழைப்பெட்டி · பிப்ரவரி 2, இரவு 9:58

வேண்டாம், மடிக்கலாம். ஒரு முறை இரண்டாக மடித்தால் அடுத்த முறை மூன்றாக மடியுங்கள், கோடு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மடிப்பு வரும் இடத்தில் உள்ளே ஒரு பருத்தித்துணியை உருளையாக வைத்தால் கூர்மையாக மடியாது. அதன்மேல் கனமான துணிகளை அடுக்காதீர்கள். ஹேங்கரில் மாட்டினால் தோள்முனை துருத்திக்கொண்டு நிற்கும், நீளமும் கூடும். பிளாஸ்டிக் உறை உறைபனிக்கு மட்டும், மாதக்கணக்கில் வைக்கப் பருத்திப் பை.

அப்புறம், போர்த்திக் கழற்றியதும் உடனே மடித்து வைக்காதீர்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைப் பிடித்துக்கொண்டும் கைக்கு உலர்ந்ததுபோலவே இருக்கும். கட்டில்மேல் விரித்து ஒரு இரவு விடுங்கள், அந்த உடல் ஈரமும் வாசனையும் போய்விடும். இப்படிக் காற்றாடவிட்டாலே துவைக்கும் தேவை வெகுவாகக் குறையும். நான் என் சால்வைகளைக் கறை படாதவரை துவைப்பதே அபூர்வம்.

செந்தாழை · பிப்ரவரி 3, காலை 7:10

நாப்தலீன் இருந்தும் எப்படிப் புழு வந்தது? இனி வேப்பிலை போடட்டுமா?

இழைப்பெட்டி · பிப்ரவரி 3, இரவு 8:30

உருண்டை ஆவியாகித் தீர்ந்த பிறகு அங்கே எதுவும் இல்லை, வாசனை மட்டும் துணியில் மிஞ்சியிருக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும், அந்தத் துணியில் சுற்றினாலே போதும். வேப்பிலையை நம்பி விட்டுவிட மாட்டேன். பச்சை இலை என்றால் ஈரமும் கறையும்தான் மிச்சம்.

முத்துவேல் · பிப்ரவரி 3, இரவு 9:02

எங்கள் வீட்டில் தலைமுறையாக உலர்ந்த வேப்பிலைதான். ஒரு சால்வையிலும் ஓட்டை கிடையாது.

செந்தாழை · பிப்ரவரி 3, இரவு 9:20

ஐயா, நீங்கள் சால்வைகளை அடிக்கடி வெளியே எடுப்பீர்களா?

முத்துவேல் · பிப்ரவரி 3, இரவு 9:26

மாதம் ஒரு முறை எடுத்து உதறி நிழலில் காற்றாடப் போடுவோம். இலை மாற்ற வேண்டுமே.

இழைப்பெட்டி · பிப்ரவரி 3, இரவு 9:44

எடுத்து உதறுவதுதான் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறேன். உதறினால் அந்தின் முட்டையும் புழுவும் ஓரளவு உதிரும். வெளிச்சமும் அசைவும் இருக்கும் இடத்தில் புழு தங்காது.

முத்துவேல் · பிப்ரவரி 3, இரவு 9:51

இலையும் ஒரு காரணம்தான் என்பேன்.

நித்யா · பிப்ரவரி 9, மாலை 4:40

அம்மாவின் கம்பளிச் சால்வையில் அக்குள் உரசும் இடத்தில் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டிருக்கிறது. கொளுத்திப் பார்த்துவிட்டேன், முடி நாற்றம்தான். இது கெட்டுப்போன அறிகுறியா, பிய்த்து எடுக்கலாமா?

இழைப்பெட்டி · பிப்ரவரி 9, இரவு 8:15

கெட்டுப்போகவில்லை. உரசும் இடத்தில் குட்டை ரோமங்கள் வெளியே வந்து திரள்கின்றன, புதிதில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் இருக்கும். பிய்க்காதீர்கள். ஒரு உருண்டையை இழுத்தால் அதோடு உள்ளே நல்ல ரோமமும் உருவி வரும், அந்த இடத்தில் மறுபடி திரளும். மேசையில் சமமாக விரித்து, சிறிய கத்தரியைத் துணிக்கு இணையாகப் படுக்கவைத்து உருண்டையின் காம்பை மட்டும் வெட்டுங்கள். துவைப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள், நனைந்தால் இன்னும் இறுகும்.